கையால் மட்டுமே தோண்டவும்

ஆங்கிலத்தில் அந்தக் கட்டத்துக்குள் நான்கு வாக்கியங்கள் இருந்தன. தமிழில் நான் அதை ஒன்றாக்கினேன். நடந்ததை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடலாம். சுருக்கியதால் வந்த வினை என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் ஒரு கட்டுமான ஒப்பந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் எனக்கு வேலை. சிவில் டிப்ளமா படித்தவள். சைட்டுக்குப் போவதில்லை, வரைபடங்களைக் கோப்பில் சேர்ப்பது, கடிதம் அடிப்பது, சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் வரும் பாதுகாப்புத் தாள்களைத் தொழிலாளர்களுக்காகத் தமிழில் எழுதித் தருவது என் பொறுப்பு. என் மகள் பொறியியல் முடித்து அதே நிறுவனத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. திண்டிவனத்தில் சாலையோரமாகக் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலையில் அவள்தான் சைட் எஞ்சினியர். காலை ஏழு மணி பஸ்ஸில் போவாள். இறங்கியதும் போன் செய்ய வேண்டும் என்பது என் கட்டளை. விக்கிரவாண்டி தாண்டியதும் ஒரு மெசேஜ், இறங்கியதும் ஒரு போன். "அம்மா, நான் என்ன எல்கேஜியா?" என்று கேட்பாள். இருந்தாலும் செய்வாள்.

குழாய் போகும் வழியில், சாலைக்கு அடியில், பதினோராயிரம் வோல்ட் மின்கேபிள் ஒன்று ஏற்கனவே கிடந்தது. மின்வாரியம் கொடுத்த வரைபடத்தில் ஒரு மீட்டர் ஆழம் என்று இருந்தது. இந்த மாதிரி இடத்தில் தோண்டுவதற்கு முன்னால் ஆபத்து மதிப்பீட்டுத் தாள் ஒன்று எழுத வேண்டும். ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஓர் அட்டவணைதான். என்ன வேலை, அதில் என்ன ஆபத்து, யாருக்கு, அது நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு கேடு என்று வரிசையாகக் கட்டங்கள். வாய்ப்புக்கு ஐந்துக்குள் ஓர் எண், கேட்டுக்கு ஐந்துக்குள் ஓர் எண். இரண்டையும் பெருக்க வேண்டும். பிறகு, ஆபத்தைக் குறைக்க என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு பெரிய கட்டம். அதைச் செய்த பிறகு மிச்சம் எவ்வளவு ஆபத்து என்று கடைசிக் கட்டத்தில் மறுபடியும் ஓர் எண்.

கேபிள் அருகே தோண்டுவதற்கு முதலில் இருபது. நடக்க வாய்ப்பு நான்கு, கேடு ஐந்து. கட்டுப்பாடுகளுக்குப் பிறகு ஐந்து. கேபிளில் பட்டால் கேடு எப்போதும் ஐந்துதான், அது குறையாது. படும் வாய்ப்புத்தான் நான்கிலிருந்து ஒன்றாக இறங்கும். இறக்குவது அந்தப் பெரிய கட்டத்தில் இருக்கும் வார்த்தைகள்.

ஆங்கிலத்தில் அவை இப்படி இருந்தன. கேபிள் போகும் வழி என்று தரையில் குறியிட்ட கோட்டுக்கு இருபுறமும் ஒரு மீட்டருக்குள் இயந்திரம் கூடாது, கையால் மட்டுமே தோண்ட வேண்டும். கடப்பாரை, பிக்காசு கூடாது, மின்காப்புள்ள கைப்பிடி போட்ட மண்வெட்டி மட்டும். கோட்டுக்கு நேர் மேலே இறங்காமல் பக்கத்தில் குழி எடுத்து, பக்கவாட்டில் கேபிளை நெருங்க வேண்டும். கேபிளுக்கு மேல் மூடிய மணல், செங்கல், ஓடு தென்பட்டால் உடனே நிறுத்தி எஞ்சினியரிடம் சொல்ல வேண்டும்.

தமிழில் அடித்துப் பார்த்தேன். அட்டவணை இரண்டாம் பக்கத்துக்குத் தாவியது. சைட்டில் தாளை மாட்டும் பலகையில் ஒரு பக்கத்துக்குத்தான் பிளாஸ்டிக் உறை. இரண்டு பக்கமானால் இரண்டாவது பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை என்று மேனேஜர் ஏற்கனவே சொல்லியிருந்தார், அது நியாயமும்கூட. எழுத்தைச் சிறிதாக்கினால் வெயிலில் நின்று படிக்க முடியாது. வரி இடைவெளியைக் குறைத்தேன், போதவில்லை. அப்போதுதான் அந்தக் கட்டத்தை வெட்டினேன். "குறியிட்ட கோட்டுக்கு இருபுறமும் ஒரு மீட்டருக்குள் கையால் மட்டுமே தோண்டவும்." அழகாக ஒரே பக்கத்தில் அடங்கியது. கடைசிக் கட்டத்தில் ஐந்து என்ற எண்ணை அப்படியே விட்டுவிட்டேன். ஐந்தாக்கிய வரிகளைத்தான் நான் எடுத்துவிட்டேன் என்று அந்த நிமிஷம் தோன்றவில்லை. என் மனதில் ஆபத்து என்பது பொக்லைன் இயந்திரத்தின் பற்கள். அது வேண்டாம் என்று சொல்லியாயிற்று, போதும் என்று நினைத்தேன்.

திண்டிவனம் பக்கத்து மண் சரளையும் செம்மண்ணும் கலந்து இறுகிக் கிடக்கும். அதில் வெறும் மண்வெட்டியைப் போட்டால் பொறி பறக்கும். எங்கள் பக்கத்தில் "கையால் தோண்டுறது" என்றால், பொக்லைன் இல்லாமல், கடப்பாரையால் குத்தி மண்ணை இளக்கி, மண்வெட்டியால் அள்ளுவது என்றுதான் பொருள். கேப்பைக் கொல்லையில் வேலி நடுவதிலிருந்து வீட்டுக்கு அஸ்திவாரம் எடுப்பதுவரை அப்படித்தான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். இந்த ஊரில் பிறந்தவள்தானே நான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது தெரியவில்லை.

காலை பதினொரு மணி இருக்கும். மகள் போன் செய்தாள். அவள் அந்த நேரத்தில் பேசுவதே கிடையாது.

"அம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல. முதல்ல அத கேட்டுக்கோ. எனக்கு ஒண்ணும் இல்ல."

அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் எனக்குள் போகவில்லை. இன்றைக்கும் போன் அடித்தால் அந்த வாக்கியம்தான் முதலில் கேட்கிறது.

நடந்ததை அவள் வீட்டுக்கு வந்த பிறகுதான் கோர்வையாகச் சொன்னாள். கேபிள் இருக்கும் இடத்தைக் கருவியால் பார்த்துச் சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டிருந்தார்கள். அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க ஒரு சோதனைக் குழி. கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒருவர் குழிக்குள் இறங்கினார். ஐம்பது வயதுக்காரர். கடப்பாரை பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று மகள் முன்பே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். முழங்கால் ஆழம் போனதும் செங்கல் தட்டியது. ஏதோ பழைய சுவர் என்று நினைத்து நெம்பி எடுத்தார். அடுத்த குத்தில் வெடித்தது.

எப்போதோ சாலையை அகலப்படுத்தியபோது ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் போட்ட கேபிள் அரை மீட்டருக்கு வந்துவிட்டது. வரைபடத்துக்கு அது தெரியாது.

வெடித்ததும் துணை மின்நிலையத்தில் அந்த லைன் தானாகத் துண்டித்துக்கொண்டது. அதனால்தான் அவர் பிழைத்தார். ஆனால் அங்கே இருப்பவர்கள் மரக்கிளை ஏதோ பட்டிருக்கும் என்று நினைத்து இன்னொரு தடவை மின்சாரத்தை விட்டுப் பார்ப்பது உண்டு. என் மகளுக்கு அது தெரிந்திருந்தது. குழிக்குள் குதிக்கப் போன இரண்டு பேரைச் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு, மின்நிலையத்துக்குப் போன் செய்து, லைனை விடாதீர்கள், ஆள் குழிக்குள் இருக்கிறார் என்று சொல்லி, நிறுத்திவிட்டோம் என்ற பதில் வரும்வரை நின்றிருக்கிறாள்.

"எத்தன நிமிஷம்?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. அவரு 'மேடம் மேடம்'னு கூப்பிட்டுக்கினே இருந்தாரு. நான் போகல."

குழியின் விளிம்பிலிருந்து அவள் எத்தனை அடி தள்ளி நின்றாள் என்றும் கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். அதை நான் திரும்பக் கேட்கவும் இல்லை.

மேனேஜர்தான் தன் காரில் அவரை ஏற்றி, மடியில் தலையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்து அவர் கேட்டதை வைத்து அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மறுநாள் காலை அவர் என் மேசைக்கு வந்தார். சட்டைக் கையில் இன்னும் கரி இருந்தது போல எனக்குத் தோன்றியது, வேறு சட்டைதான்.

"மேடம், நாளைக்கு மின் ஆய்வாளர் வர்றாரு. அந்தத் தமிழ்த் தாள பாத்தேன். கடப்பாரை கூடாதுன்னு அதுல இல்ல. இங்கிலீஷ்ல இருக்கு."

"ஆமாங்க சார்."

"ஒரு வரிதான. சேத்து ஒரு பிரிண்ட் போட்டு ஃபைல்ல வெச்சிடுங்க. ஆளுங்க கையெழுத்து வெச்ச பக்கம் தனியாதான் இருக்கு, மேல இருக்கற தாளத்தான் மாத்தப்போறோம்."

நான் திரையில் பாதி அடித்திருந்த கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருக்கும் கெடுதல் இல்ல மேடம். அவருக்கு வைத்தியம் எல்லாம் நாமதான் பாக்கப்போறோம், அதுல ஒரு மாத்தமும் இல்ல. தோண்டலாம்னு குடுத்த பர்மிட்ல உங்க பொண்ணு கையெழுத்து இருக்கு. அத யோசிங்க."

மிரட்டுவது போல அவர் சொல்லவில்லை. அவருக்கும் மகள் உண்டு. தகப்பன் மாதிரிதான் சொன்னார். அதுதான் என்னை அசைத்தது.

அவர் போனதும் கோப்பைத் திறந்து வெட்டிய மூன்று வாக்கியங்களையும் அடித்துச் சேர்த்தேன். பொய் இல்லையே, ஆங்கிலத்தில் இருப்பதுதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அட்டவணை இரண்டாம் பக்கத்துக்கு ஓடியது. தலைப்பைச் சிறிதாக்கி, ஓரத்தைக் குறுக்கினேன். ஐந்து நிமிஷத்தில் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. முடியாது என்று அன்றைக்கு விட்டது ஐந்து நிமிஷ வேலை. பிரிண்ட் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அரை நாள் லீவு எழுதிக்கொடுத்து வீட்டுக்குப் போனேன்.

மகள் வேலைக்குப் போகாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டில் காலையில் வைத்த இட்லி அப்படியே இருந்தது.

"நேத்து காலையில தாள படிச்சுக் காட்டினேன்மா, எல்லாருக்கும். அவரு கேட்டாரு, 'கையாலன்னா கடப்பார எடுத்துக்கலாம் இல்ல மேடம்?'னு. எடுத்துக்கோங்க, மெஷின்தான் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். நான் சொல்லித்தான் எடுத்தாரு."

"இங்கிலீஷ் தாள் நீ பாக்கலியா?"

"அது சென்னைல இருந்து உனக்குத்தான வந்துது. எனக்குத் தமிழ்தான் குடுத்தாங்க. அதுல அவ்ளோதான இருந்துது."

அப்போது சொன்னேன். நான்கு வாக்கியம் இருந்தது, பக்கத்தில் அடங்கவில்லை என்று மூன்றை நான்தான் எடுத்தேன் என்று. மேனேஜர் கேட்டதையும் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். ஒரு நாள் முழுக்கத் தன்னையே தின்றுகொண்டிருந்தவள். அவள் முகத்தில் முதலில் வந்தது ஆசுவாசம். அதைப் பார்ப்பது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. கோபம் கொஞ்சம் கழித்து வந்தது.

"இப்ப மாத்தி வெக்கப்போறியா?"

"அடிச்சு வெச்சிருக்கேன். பிரிண்ட் போடல. நீ என்ன சொல்ற?"

"என்ன எதுக்குக் கேக்கற? எனக்காகன்னு சொல்லிக்கவா?"

உண்மையில் அதற்காகத்தான் கேட்டேன்.

பிற்பகல் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவருக்கு இரண்டு கைகளிலும் முழங்கைவரை கட்டு. முகம் ஒரு பக்கம் கறுத்து, புருவம் இல்லாமல் இருந்தது. கண் தப்பிவிட்டது. அவர் மனைவி கட்டிலோரம் நின்று ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் படுத்திருந்தவர் எழ முயன்றார்.

"படுங்கண்ணா, படுங்க."

"மேடம், ஒங்களுக்கு எதுவும் ஆவலியே?"

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணா."

மனைவி என்னைப் பார்த்து, "இது யாரு, ஒங்க அம்மாவா?" என்று கேட்டார். மகள் தலையாட்டியதும் என் பக்கம் திரும்பினார். "காலையில ரெண்டு பேரு ஆபீஸ்ல இருந்து வந்தாங்கம்மா. 'கடப்பார போடக் கூடாதுன்னு பேப்பர்ல இருக்குதே, இன்னாத்துக்குப் போட்ட'ன்னு கேக்கறாங்க. இந்த மனுஷன் அதுலருந்து அதையே பொலம்பிக்கினு கீறாரு."

"பொலம்பலடி," என்றார் அவர். "கேக்கறேன். மேடம், கையால தோண்டச் சொன்னீங்க, கையாலதான தோண்டனேன்? முப்பது வருசமா தோண்டறேன். ஒரு எடத்துலயும் என்ன வேலைய கெடுத்தவன்னு எவனும் சொன்னதில்ல. இப்ப நான் பேச்ச மீறிட்டேன்னு ஊருக்குள்ள சேதி போவும் இல்ல? நாளைக்கு எம்மவனுங்கள எவன் வேலைக்குக் கூப்புடுவான்?"

"மொதல்ல கை ஆறட்டும், அத அப்பறம் பேசு," என்று மனைவி ஸ்பூனை அவர் வாயில் வைத்தார். "கை போன கவல இல்லியாம், பேரு போற கவலதான்."

அவர் கஞ்சியை விழுங்கிவிட்டுத் திரும்பவும் மகளைப் பார்த்தார். "நெசமாவே பேப்பர்ல அப்படி இருந்துச்சா மேடம்? நீங்க படிக்கும்போது எங்காதுல வுழலியா?"

மகள் என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பதில் என்னுடையது என்று விட்டுவிட்டாள்.

"இல்லீங்க," என்றேன். "அப்படி ஒரு வரி அதுல இல்ல. இருக்க வேண்டியது. நான்தான் அத எழுதற ஆளு. நான் எழுதாம விட்டேன்."

அவர் மனைவியின் கையில் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. "ஏம்மா, படிச்சவங்கதான நீங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியின் சுருக்கம் தளர்ந்தது.

மறுநாள் ஆய்வாளர் வந்தபோது, பலகையில் மாட்டியிருந்த அதே தாளையும் ஆங்கிலத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை. ஆய்வாளர் என் வயதுக்காரர், நிதானமாகப் படிப்பவர். பேனாவால் கடைசிக் கட்டத்தைத் தொட்டார்.

"கட்டுப்பாட்ட எடுத்துட்டீங்க. இந்த அஞ்சு எப்படிம்மா அஞ்சாவே இருந்துது?"

"பாக்கல சார்."

"கையாலன்னா என்னன்னு நெனச்சீங்க?"

"மெஷின் இல்லாமன்னு."

"அவங்களும் அப்படித்தான நெனச்சிருக்காங்க," என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டு, கடப்பாரை எடுத்துக்கொள்ளச் சொன்னதை அவள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டார். அவள் ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. நான் அறைக்கு வெளியே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வரைபடத்து ஆழத்தை நம்பியது, தோண்டும் நேரத்துக்கு லைனை நிறுத்தித் தரும்படி எழுத்தில் கேட்காதது, எல்லாவற்றையும் மேனேஜரிடம் கேட்டார். அவரும் மறைக்கவில்லை. ஒருவர் உண்மை சொல்லத் தொடங்கிவிட்டால் மற்றவருக்குப் பொய் சொல்வது சிரமம் போலும்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மகளை மூன்று மாதம் தனியாக பர்மிட் கையெழுத்துப் போடக் கூடாது என்று நிறுத்தினார்கள். அந்தத் தாளைத் திருத்தும் வேலையை என்னிடமிருந்து எடுக்கவில்லை. இனிமேல் சைட்டுக்குப் போய், தோண்டுகிறவர்களிடம் படித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லி எழுத வேண்டும் என்றார்கள். ஆகவே இப்போது நானும் வாரத்தில் இரண்டு நாள் ஏழு மணி பஸ்ஸில் போகிறேன்.

முதல் தடவை போனபோது அவர்களிடம் கேட்டேன். "மின்காப்புள்ள கைப்பிடி மண்வெட்டி" என்று படித்தேன். ஒருவர் சிரித்தார். "அது இன்னாம்மா, இன்சூரன்ஸ் போட்ட மம்முட்டியா?" எல்லாரும் சிரித்தார்கள். கையில் எடுத்துக் காட்டிய பிறகுதான் "கரண்ட் ஏறாத பிடி போட்ட மம்முட்டி" என்று அவர்களே பேர் வைத்தார்கள். அதையே எழுதினேன். "இந்த மண்ணு மம்முட்டிக்கு மசியாதும்மா, அப்ப இன்னா பண்றது?" என்று இன்னொருவர் கேட்டார். ஆங்கிலத் தாளில் இதற்குப் பதிலே இல்லை. மகளும் மேனேஜரும் சென்னைக்குப் பேசி, மண் இறுகலாக இருந்தால் வேலையை நிறுத்த வேண்டும், மின்வாரியம் லைனை நிறுத்திச் சோதித்து எழுத்தில் கொடுக்கும்வரை யாரும் குழியில் இறங்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க வைத்தார்கள். தாள் இரண்டு பக்கம் ஆனது. பலகையில் இன்னொரு உறை மாட்டினார்கள்.

ஆய்வாளரின் அறிக்கை வந்ததும் அதன் நகலை எடுத்துக்கொண்டு நானும் மகளும் காயம்பட்டவர் வீட்டுக்குப் போனோம். வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. கடப்பாரை இனி பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மனைவி முற்றத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொன்னார். குரலில் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை.

"இன்னா எழுதிக்கீறாங்க? அத மட்டும் படிங்க," என்றார் அவர்.

படித்தேன். "தொழிலாளி தமக்கு வழங்கப்பட்ட எழுத்து மூலமான அறிவுறுத்தலையும் பொறியாளரின் வாய்மொழி அனுமதியையும் பின்பற்றியே பணி செய்துள்ளார். அவர் தரப்பில் விதிமீறல் ஏதும் இல்லை. தமிழ் ஆபத்து மதிப்பீட்டுத் தாளில் கருவிகள் குறித்த கட்டுப்பாடு விடுபட்டதே முதன்மைக் காரணம்."

"முதன்மைக் காரணம்னா நீங்களா?" என்று மனைவி கேட்டார்.

"ஆமாங்க. நான்தான்."

அவர் கணவர் மடங்காத விரல்களைத் தடவிக்கொண்டார். "அந்த ரெண்டாவது வரிய இன்னொரு வாட்டி படிங்க. மெதுவா. எம்மவன் உள்ள கீறான், அவங் காதுலயும் வுழட்டும்."

குரலை உயர்த்தி மறுபடியும் படித்தேன்.